முன்பணம் எப்போது கழியும்? முதல் ராயல்டி கணக்கைப் படிக்கும் முறை

முதல் புத்தகம் வெளிவந்த எழுத்தாளர்கள் ராயல்டி கணக்கு கைக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "முன்பணம் 60,000 கொடுத்தார்கள். பிரதிக்கு 30 எனக்கு. 2,100 பிரதி விற்றதாக அவர்களே போட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 63,000 வருகிறது. அப்படியானால் 3,000 வரவேண்டாமா? கடைசி வரியில் பூஜ்யம் என்று ஏன் இருக்கிறது?"

எழுத்தாளர் போட்ட பெருக்கல் சரி. பதிப்பாளர் போட்ட பூஜ்யமும் சரியாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைக் கணக்கின் ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்ப்போம். எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு முறை ஒன்றுதான், அதனால் எண்களை மட்டும் தருகிறேன்.

முன்பணம் என்பது பதிப்பாளர் மகிழ்ச்சியில் கொடுக்கும் பரிசும் இல்லை, வட்டிக்குக் கொடுக்கும் கடனும் இல்லை. புத்தகம் விற்றபின் உங்களுக்கு வரவேண்டிய ராயல்டியை விற்பனைக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தொகை உங்கள் பெயரில் பற்று வைக்கப்படும். விற்பனை தொடங்கியதும் வருகிற ராயல்டி முதலில் அந்தப் பற்றை அடைக்கப் போகும். முழுவதும் அடைபட்ட பிறகு வருவதுதான் உங்கள் கைக்கு வரும் புதுப் பணம். புத்தகம் விற்கவே இல்லையென்றால் மீதியை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா? வழக்கமான ஒப்பந்தத்தில் வேண்டியதில்லை, நட்டம் பதிப்பாளருடையது. ஆனால் வழக்கம் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. "முன்பணம் திருப்பிக் கேட்கப்பட மாட்டாது" என்ற பொருளில் ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரிக்கு விதிவிலக்குகளும் பக்கத்திலேயே இருக்கும். கையெழுத்துப் பிரதியை நீங்கள் கொடுக்காமலே போனால், அல்லது எழுதியது வேறொருவருடையது என்று தெரியவந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அது நியாயம்தான். "விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும்" என்று இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அது முன்பணமே இல்லை, கடன்.

இன்னொரு விஷயம், முன்பணம் ஒரே தடவையில் வருவது குறைவு. கையெழுத்தானதும் ஒரு பங்கு, கையெழுத்துப் பிரதியை ஏற்றுக்கொண்டதும் ஒரு பங்கு, புத்தகம் வெளியானதும் ஒரு பங்கு என்று பிரித்துத் தருவார்கள். இதில் மூன்றாவது பங்கில்தான் சிக்கல். பதிப்பாளர் வெளியீட்டைத் தள்ளிக்கொண்டே போனால் உங்கள் பணமும் கூடவே தள்ளிப்போகும். "வெளியீட்டின்போது, அல்லது பிரதியை ஏற்ற நாளிலிருந்து 18 மாதத்துக்குள், எது முந்தியதோ அப்போது" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

முதலில்: ஒரு பிரதிக்கு உங்களுக்கு எவ்வளவு?

ஒப்பந்தத்தைத் திறந்து ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்பணம் எவ்வளவு, ராயல்டி எத்தனை சதவீதம், அந்தச் சதவீதம் எதன் மேல், திரும்பி வரும் பிரதிகளுக்காக எவ்வளவு பிடித்து வைப்பார்கள். மூன்றாவதைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். 10 சதவீதம் என்ற எண் மனதில் நின்றுவிடுகிறது, அது எதில் 10 சதவீதம் என்பது நிற்பதில்லை.

இரண்டு அடிப்படைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, புத்தகத்தின் மேல் அச்சிட்ட விலை. இன்னொன்று, கடைக்கும் விநியோகஸ்தருக்கும் தள்ளுபடி போக பதிப்பாளர் கையில் உண்மையில் வந்து சேரும் தொகை, அதாவது நிகர வரவு. புத்தகத்தின் விலை 300 என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 30. கடைக்கு 40 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் பதிப்பாளருக்கு 180தான் வரும், அதில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 18. முன்பணம் 60,000 என்றால் முதல் முறையில் 2,000 பிரதி விற்றதும் முன்பணம் கழிந்துவிடும். இரண்டாவது முறையில் 3,334 பிரதி விற்க வேண்டும். புத்தகமும் அதேதான், 10 சதவீதமும் அதேதான்.

நிகர வரவு முறையை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 17 சதவீத நிகர வரவு கொடுத்தால் அது 10 சதவீத அச்சு விலையை விடக் கொஞ்சம் கூடுதல்தான் (180இல் 17 சதவீதம் 30.60). கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிகர வரவு என்றால் எதையெல்லாம் கழித்த பிறகு? தள்ளுபடியை மட்டும் கழித்தால் சரி. அனுப்பும் செலவு, கிடங்கு வாடகை, விளம்பரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனால், பதிப்பாளரின் வியாபாரச் செலவை உங்கள் பங்கிலிருந்து எடுக்கிறார்கள் என்று பொருள். அந்த வரையறை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.

சதவீதம் வடிவத்துக்கு வடிவம் மாறும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெரிய பதிப்பகங்களில் கெட்டி அட்டைப் பதிப்புக்கு முதல் 5,000 பிரதிகள் வரை அச்சு விலையில் 10 சதவீதம், அடுத்த 5,000க்கு 12.5, அதற்கு மேல் 15 என்று படிப்படியாக ஏறுவதும், மின்னூலுக்கு நிகர வரவில் 25 சதவீதம் கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். இந்தப் படிகள் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், எத்தனையாவது பிரதியிலிருந்து சதவீதம் ஏறுகிறது என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள். மிகப் பெரிய தள்ளுபடியில் மொத்தமாகப் போகும் பிரதிகளுக்கு ராயல்டியைக் குறைக்கும் விதி ஒன்றும் பின்பக்கத்தில் இருக்கக்கூடும். எத்தனை சதவீதத் தள்ளுபடியைத் தாண்டினால் அது நடைமுறைக்கு வரும் என்று பாருங்கள். அந்த எல்லை வழக்கமான கடைத் தள்ளுபடிக்கு மிக அருகில் இருந்தால், விதிவிலக்கே விதியாகிவிடும்.

விற்றது என்றால் என்ன?

நமது உதாரணத்தில் அச்சு விலையில் 10 சதவீதம், பிரதிக்கு 30, முன்பணம் 60,000 என்றே தொடர்வோம். கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முதல் ஆறு மாதத்தில் பதிப்பாளர் கடைகளுக்கு 2,400 பிரதி அனுப்பினார். அதில் 300 விற்காமல் திரும்பி வந்தன. மிச்சம் 2,100. இதைத்தான் கணக்கில் நிகர விற்பனை என்று போடுவார்கள்.

ஆனால் இந்த 2,100 பிரதியும் வாசகர் கைக்குப் போய்விட்டதா? யாருக்கும் தெரியாது. அதில் பாதி இன்னும் கடை அலமாரியில் இருக்கலாம். புத்தக வியாபாரத்தில் பல இடங்களில் கடைக்காரர் விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கழித்துக்கொள்ள முடியும். அதனால் அனுப்பிய பிரதி என்பது உறுதியான விற்பனை ஆகாது. இலவசமாக மதிப்புரைக்கு அனுப்பியவை, உங்களுக்குக் கொடுத்த எழுத்தாளர் பிரதிகள், சேதமானவை இவற்றுக்கு ராயல்டி கிடையாது. அவை 2,400க்குள் சேரவே சேராது.

ஒரு கணக்குத் தாளில் அனுப்பியது, திரும்பியது, நிகரம் என்று மூன்றும் தனித்தனியாக இல்லாமல் நிகர எண் மட்டும் இருந்தால், அந்தத் தாளை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. மூன்று எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

பிடித்து வைக்கும் பணம்: பூஜ்யம் எங்கிருந்து வந்தது

இப்போதுதான் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். 2,100 பிரதிக்கு ராயல்டி 63,000. அடுத்த ஆறு மாதத்தில் பிரதிகள் திரும்பி வந்தால் கூடுதலாகக் கொடுத்த பணத்தை எழுத்தாளரிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியாது என்பதால், பதிப்பாளர் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார். ஒப்பந்தத்தில் 20 சதவீதம் என்று இருந்தால் 63,000இல் 12,600 பிடித்தம். உங்கள் கணக்கில் வரவு வைப்பது 50,400. முன்பணப் பற்று 60,000. இன்னும் 9,600 கழியவில்லை. ஆகவே தரவேண்டியது பூஜ்யம்.

அடுத்த ஆறு மாதம். 500 பிரதி அனுப்பினார்கள், 350 திரும்பி வந்தன, நிகரம் 150. இந்தக் காலத்து ராயல்டி 4,500, அதில் 20 சதவீதமான 900 பிடித்தம். முன்பு பிடித்த 12,600 இப்போது விடுவிக்கப்படும். ஆக வரவு 4,500 கழித்தல் 900 கூட்டல் 12,600, மொத்தம் 16,200. பழைய பாக்கி 9,600 போக மீதி 6,600. முதல் காசோலை அதுதான்.

இதை மொத்தமாகவும் சரிபார்க்கலாம். இரண்டு காலத்திலும் சேர்த்து நிகரம் 2,250 பிரதி, ராயல்டி 67,500. இன்னும் கையில் வைத்திருக்கும் 900ஐக் கழித்தால் 66,600. முன்பணம் 60,000 போக 6,600. பொருந்துகிறது. ஒவ்வொரு அறிக்கை வரும்போதும் இப்படி ஆரம்பம் முதல் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு காலத்தில் செய்த தவறு அந்தக் காலத்தின் தாளில் தெரியாது, மொத்தக் கூட்டலில் மாட்டிக்கொள்ளும்.

பிடித்தம் வைப்பது நியாயமா? அச்சுப் பிரதிகளுக்கு நியாயம்தான். இரண்டாவது காலத்தில் 200 அனுப்பி 600 திரும்பியிருந்தால் நிகரம் 400 பிரதி குறைவு, ராயல்டியில் 12,000 குறையும். பிடித்தம் இல்லாமல் 3,000 முதலிலேயே கைக்கு வந்திருந்தால், அந்த 12,000 பதிப்பாளரின் பாடாக இருக்கும். பிடித்த 12,600 அதைத் தாங்கி 600 மிச்சமும் வைத்திருக்கும். ஆனால் நியாயத்துக்கு ஓர் எல்லை வேண்டும். ஒப்பந்தத்தில் "போதுமான அளவு பிடித்தம்" என்று மட்டும் இருந்தால் அந்த அளவைப் பதிப்பாளர் தன் விருப்பப்படி நிர்ணயிப்பார், விடுவிக்கும் நாளும் அவர் விருப்பம். எத்தனை சதவீதம், எத்தனை காலத்துக்குப் பிறகு விடுவிப்பது என்று இரண்டும் எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு கணக்குக் காலத்துக்கு மேல் ஒரே பிடித்தத்தை வைத்திருக்க நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மின்னூலுக்கும், ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாக அச்சிட்டு விற்கும் பிரதிக்கும் திரும்பி வரும் சிக்கல் அநேகமாக இல்லை. அவற்றுக்கும் பிடித்தம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிடித்த பணம் காணாமல் போவதும் உண்டு. ஒரு தாளில் 12,600 பிடித்தம் என்று இருக்கும், அடுத்த தாளில் விடுவித்ததாக எந்த வரியும் இருக்காது. பெரும்பாலும் மென்பொருளில் யாரோ ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டிருப்பார்கள். கேட்டால் சரிசெய்துவிடுவார்கள், கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

மொழிபெயர்ப்பு உரிமைப் பணம் எந்தப் பெட்டிக்குப் போகும்?

இதே புத்தகத்தின் மொழிபெயர்ப்பு உரிமை வேறொரு பதிப்பகத்துக்கு 20,000க்கு விற்கப்பட்டது, பணம் முதல் ஆறு மாதத்திலேயே வந்துவிட்டது, அதில் உங்கள் பங்கு பாதி என்று வைத்துக்கொள்வோம். 10,000 உங்களுக்கு. அது நேரே கைக்கு வருமா? பெரும்பாலான ஒப்பந்தங்களில் வராது. அதுவும் முன்பணக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். கழியாமல் இருந்த 9,600 அதில் அடைபடும், உங்களுக்கு 400 மட்டும் வரும். அடுத்த காலத்தில் பழைய பாக்கி இல்லாததால் 16,200 முழுவதும் வரும். இரண்டு காலமும் சேர்த்து 16,600.

இந்த விதியே இல்லாமல் 10,000 நேரே உங்களிடம் வந்திருந்தால்? முதலில் 10,000, பிறகு 6,600. மொத்தம் அதே 16,600. அப்படியானால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று தோன்றலாம். புத்தகம் முன்பணத்தைத் தாண்டி விற்கும்வரை வித்தியாசம் காலத்தில் மட்டும்தான். ஆனால் விற்பனை 1,500 பிரதியோடு நின்றுபோனால் ராயல்டி 45,000, கழியாத பாக்கி 15,000. அப்போது மொழிபெயர்ப்புப் பணம் 10,000 அந்தக் குழிக்குள் போய்விடும், உங்களுக்கு ஒன்றுமே வராது. நேரே வரும் ஏற்பாட்டில் அந்த 10,000 உங்களுடையது. ஆகவே மொழிபெயர்ப்பு, ஒலிநூல், தொடராக வெளியிடுவது போன்ற உரிமைகளை நீங்களே வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், முன்பணம் கழிந்தபிறகு வரும் இத்தகைய பணத்தை அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்காமல் 30 நாளில் அனுப்ப வேண்டும் என்றாவது ஒரு வரி கேளுங்கள்.

முகவர் இருந்தால் பணம் அவர் வழியாகத்தான் வரும். 15 சதவீதம் அவர் பங்கு என்றால் 6,600இல் 990 போக 5,610 கைக்கு வரும். முன்பணத்திலும் அவர் பங்கு முன்பே போயிருக்கும், ஆனால் பதிப்பாளரின் பற்றுக் கணக்கில் நிற்பது முழு 60,000தான். "நான் வாங்கியதே 51,000தான், ஏன் 60,000 கழிக்கிறார்கள்" என்ற குழப்பம் இதனால் வருவது. வரி பிடித்தாலும் அப்படித்தான்.

இரண்டு புத்தகத்துக்கு ஒரே ஒப்பந்தம்

இரண்டு புத்தகத்துக்குச் சேர்த்து 1,20,000 முன்பணம் என்று ஒப்பந்தம் போடும்போது, "இந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும் எல்லாத் தொகைகளும் ஒரே கணக்கில்" என்ற மாதிரி ஒரு வரி சத்தமில்லாமல் இருக்கும். இதன் விளைவு, முதல் புத்தகம் நன்றாக விற்று 66,600 ஈட்டினாலும் உங்களுக்குக் காசோலை வராது. ஏனென்றால் மொத்தப் பற்று 1,20,000, இன்னும் 53,400 பாக்கி. இரண்டாவது புத்தகத்தை இன்னும் எழுதி முடித்திருக்க மாட்டீர்கள், அதன் முன்பணத்தை முதல் புத்தகம் அடைத்துக்கொண்டிருக்கும். இதை நீக்கக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, வழக்கமான பேரம்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி முன்பணம், தனிக் கணக்கு என்று எழுதினால் போதும். முன்பணத்தை 10,000 குறைத்துக்கொண்டாவது இதை வாங்கலாம் என்பது என் எண்ணம். முதல் புத்தகம் ஓடும் என்ற நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

சரிபார்த்துக் கேட்பது

அறிக்கை வழக்கமாகக் கணக்குக் காலம் முடிந்து 90 நாளுக்குள் வரும். ஜூன் 30இல் முடிந்தால் செப்டம்பர் கடைசி. பாக்கி கழியாமல் இருந்தாலும் அறிக்கை வர வேண்டும். "பணம் ஒன்றும் இல்லையே, எதற்கு அனுப்புவது" என்று நிறுத்திவிடும் இடங்கள் உண்டு. அப்படி நின்றால் எழுதிக் கேளுங்கள். தாள் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, சென்ற தாளின் இறுதி இருப்பும் இந்தத் தாளின் தொடக்க இருப்பும் ஒன்றா என்பது. அப்புறம் சதவீதம், விலை, பிடித்தம், விடுவித்தது. படிகள் உள்ள ஒப்பந்தம் என்றால் ஏறியிருக்க வேண்டிய இடத்தில் சதவீதம் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி எழுந்தால் கோபமாக அல்ல, எண்ணோடு எழுதுங்கள். "முதல் அறிக்கையில் 12,600 பிடித்தம் உள்ளது. இரண்டாவதில் விடுவித்த வரி காணவில்லை. ஒப்பந்தத்தின் இந்த விதிப்படி ஒரு காலத்துக்குப் பிறகு விடுவிக்க வேண்டும். திருத்திய அறிக்கை அனுப்ப முடியுமா?" இப்படி ஒரு கடிதத்தைக் கணக்குப் பிரிவில் யாரும் தள்ளி வைக்க முடியாது. பதில் வராவிட்டால் ஒப்பந்தத்தில் கணக்குப் புத்தகங்களை ஆய்வு செய்யும் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுச் செலவு உங்களுடையது, ஆனால் பாக்கி 5 சதவீதம் போன்ற ஓர் அளவுக்கு மேல் தெரியவந்தால் செலவைப் பதிப்பாளர் ஏற்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஆட்சேபம் எழுப்பக் காலக்கெடுவும் இருக்கும், அது முடியும்வரை பேசாமல் இருந்தால் கணக்கை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வார்கள்.

முன்பணம் கழியாமலேயே புத்தகம் அச்சில் இல்லாமல் போனால்? உரிமைகளைத் திரும்பக் கேட்கலாம். கழியாத பாக்கியைக் கட்டினால்தான் உரிமை திரும்பும் என்று சில பதிப்பாளர்கள் பேசிப் பார்ப்பார்கள். முன்பணம் திருப்பிக் கேட்கப்படாது என்று ஒப்பந்தத்தில் இருந்து, உரிமை திரும்புவதற்கு அப்படி ஒரு நிபந்தனை எழுதப்படாமலும் இருந்தால், அந்தப் பாக்கி பதிப்பாளரின் நட்டக் கணக்கில் முடிந்துவிட்டது. அதை நீங்கள் கட்ட வேண்டியதில்லை.